கல்யாணப் பக்கத்தில் ஓடிய இன்னொரு வீடு

என் மகளின் கல்யாணத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் செய்தது நான்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தேர்வு அட்டவணை, விடுமுறை அறிவிப்பு, பட்டமளிப்பு விழாப் படங்கள் என்று கல்லூரித் தளத்தில் ஏற்றுவதெல்லாம் பல வருடமாக என் பொறுப்பு. அதனால் இதற்குப் போய் வெளியாள் எதற்கு என்று நானே உட்கார்ந்துவிட்டேன். மேலே பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கும் படம். அதன் கீழே முகூர்த்த நேரமும் கிள்ளான் மண்டபத்துக்கு வழியும். அதற்கும் கீழே நேரலை ஓடுவதற்கு ஒரு கட்டம். கடைசியில் வாழ்த்து எழுத ஓர் இடம். இரண்டு மாலைகளில் முடிந்துவிட்டது. முடித்துவிட்டு அந்த வெற்றுக் கட்டத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் மகள் வரப்போகிறாள் என்ற நினைப்பே கனவு போல இருந்தது.

அந்தக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படம் உண்மையில் நம் பக்கத்தில் இருப்பதில்லை. காணொளித் தளத்தில் ஓடுவதை, ஒரு வரிக் குறியீட்டை ஒட்டி, நம் பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்து காட்டுகிறோம், அவ்வளவுதான். ஜன்னல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீடியோ எடுத்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என் அலுவலகத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு சேலைக்கடையின் மாடியில் அவருடைய ஸ்டூடியோ. பத்திரிகையோடு பக்கத்தின் முகவரியையும் அனுப்ப வேண்டியிருந்ததால் மூன்று வாரத்துக்கு முன்பே லிங்க் கேட்டு அவரிடம் போனேன்.

"அக்கா, உங்க கல்யாணத்துக்குன்னு தனி லிங்க் அன்னிக்குக் காலையிலதான் போடுவேன். இப்பவே வேணும்னா எங்க சேனல் லிங்கைப் போட்டு வைங்க. நாங்க எப்ப லைவ் போறோமோ, தானா ஓடும். முடிஞ்சப்புறம் ரெக்கார்டிங் லிங்க் அனுப்புறேன், அதை மாத்திருங்க."

அவர் சொன்னதில் முதல் பாதி மட்டும் என் மனதில் தங்கியது. தானா ஓடும். கல்யாண வேலையில் தானாக ஓடுவது என்று ஒன்று இருந்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை சம்மந்தியம்மாவுக்கு, அதாவது மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, நெஞ்சுவலி வந்தது. கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். கணவர் போய்ப் பல வருடம். ஒரே மகன். கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதயக் குழாய்களில் அடைப்பு, அறுவை சிகிச்சை வேண்டும், அடுத்த வியாழக்கிழமை காலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா என்று எல்லோரும் தயங்கிக்கொண்டிருந்தபோது, ஆக்ஸிஜன் முகமூடியைக் கையால் விலக்கிவிட்டு, குறித்த நேரத்தில் நடக்க வேண்டும் என்று அவரே சொன்னார். தனக்குப் பதிலாகத் தன் தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் நிற்கட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் தீவிரக் கண்காணிப்பில் இருந்தார். அங்கே கைத்தொலைபேசிக்கு அனுமதி இல்லை. சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு முழுதாகப் பார்த்துக்கொள்ளலாம், எல்லாம் பக்கத்தில் இருக்கும் என்று நான்தான் அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று நடந்தவை துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கின்றன. ஹோமப் புகை. யாரோ என் கையில் திணித்த அட்சதை. கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு உறவுக்காரப் பெண், நேரில் நின்றுகொண்டே தன் போனில் நேரலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் தாலி ஏறிவிட்டது, கெட்டிமேளம் முழங்கியது. அவள் கையில் இருந்த சின்னத் திரையில் மாப்பிள்ளை அப்போதுதான் தாலியைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நேரலை இருபது விநாடி பின்னால் வந்துகொண்டிருந்தது. மேளம் ஒரு தடவை மண்டபத்தில் கேட்டு ஓய்ந்து, மறுபடி மெல்லிசாக அந்தப் போனிலிருந்து எழுந்தது. அந்த இருபது விநாடி என் மகள் அங்கே மட்டும் இன்னும் எங்கள் வீட்டுப் பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். நான் மேடையைப் பார்க்காமல் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அன்று மாலை பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கட்டம் கறுப்பாக இருந்தது. வீடியோ கிடைக்கவில்லை என்று ஒரு வரி. நீண்ட நேரலையாயிற்றே, பதிவு தயாராக நேரமாகும், ஆனதும் வந்துவிடும் என்று நினைத்தேன். தானாக ஓடியது தானாகவே தங்கியும் விடும் என்று ஒரு நம்பிக்கை. திங்கட்கிழமையும் கறுப்பாகவே இருந்தது. மகள் கேட்டதற்கு, நாளைக்குள் வந்துவிடும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை சம்மந்தியம்மாவை வார்டுக்கு மாற்றினார்கள். மகள் மாமியாரோடு இருந்தாள். மத்தியானம் அவள் பக்கத்தைத் திறந்தபோது கட்டத்தில் ஏதோ அசைந்தது. சிவப்புக் கம்பளமும் ஊதுபத்திப் புகையும் ஒரு கூடாரத்தின் ஓரமும் தெரிந்தன. வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், மேற்கொண்டு பார்க்காமல் போனைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்து, மாமியாரின் காதில் இயர்போனை மாட்டிவிட்டு, குடிக்க மைலோ வாங்கக் கீழே போனாள். திரும்பி வந்தபோது அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததால் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அப்புறம் சம்மந்தியம்மாவின் தங்கை பார்க்க வந்தார். போனை எட்டிப் பார்த்தார்.

மகள் என்னைப் போனில் அழைத்தாள். "அம்மா, பக்கத்தைப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தேன். மேலே என் மகளும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கீழே முகூர்த்த நேரம். அதற்கும் கீழே, நான் செய்துவைத்த கட்டத்துக்குள், முன்பின் தெரியாத ஒரு வீடு. வாசலில் கூடாரம். நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு வயதான மனிதர். தலைமாட்டில் விளக்கு. சுற்றிலும் வெளிர் உடுப்பில் பெண்கள். கேமரா மூலையில் அசையாமல் நின்றது. பெட்டியின் ஓரமும், அதற்கு அப்பால் திறந்த இரும்பு கேட்டும், கேட்டுக்கு வெளியே வெயிலும் தெரிந்தன. யாரும் பேசவில்லை. ஒரு மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கெல்லாம் கீழே, வாழ்த்துப் பகுதியில், யாரோ அரை மணி நேரத்துக்கு முன்னால் எழுதியிருந்தார்கள்: பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க. கட்டத்தைப் பார்க்காமலே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் ஒட்டியிருந்தது கல்யாணத்தின் லிங்க் இல்லை, சேனலின் லிங்க். அந்தச் சேனலில் எது நேரலையாக ஓடுகிறதோ அதைத்தான் அது காட்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாணம். எதுவும் ஓடாதபோது கறுப்பு. செவ்வாய்க்கிழமை இன்னொருவர் வீட்டுச் சாவு.

கல்லூரி அறிவிப்பில் தவறு நேர்ந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்துகிறவள் நான். அன்று கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தேன். சேனலின் பழைய நேரலைகள் வரிசையில் எங்கள் கல்யாணம் இருந்தது. அதைத் திறந்து, அந்த வீடியோவுக்கே உரிய குறியீட்டை நகலெடுத்து, பழைய வரியை அழித்துவிட்டு ஒட்டினேன். சேமித்தேன். மறுபடி திறந்தேன். அந்த வீடும் விளக்கும் பெண்களும் போய், எங்கள் மண்டபம் வந்து நின்றது. என்னவோ துக்க வீட்டின் கதவை அவர்கள் முகத்துக்கு நேராகச் சாத்தியது போல இருந்தது. மகளிடம் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கச் சொன்னேன். சரியாகிவிட்டது என்றாள். அந்தக் குரல் எதுவும் சரியாகவில்லை என்று சொன்னது.

அப்புறம்தான் வாட்ஸ்அப்பில் தேடினேன். திங்கட்கிழமை காலையிலேயே வீடியோக்காரர் பதிவின் லிங்கை அனுப்பியிருந்தார். கல்யாணப் படங்களும் வாழ்த்துகளுமாக நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததில் அது அடியில் கிடந்தது.

பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சென்ட்ரலில் கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயில் ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிய, வெளியே நிலையங்கள் கரைந்து கரைந்து போயின. நாளை மறுநாள் ஒரு பெண்ணின் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். அவருக்கு மகனின் கல்யாணம் என்று சொல்லி ஒரு பிணத்தைக் காட்டியிருக்கிறோம். காட்டியது அந்த வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆன என் மகள். வியாழக்கிழமை எதுவும் ஆகிவிட்டால், அந்த வீட்டில் அவள் பெயர் என்னவாக இருக்கும்? ஷா ஆலம் நிலையம் வருவதற்குள் இதே கேள்வியை எத்தனை தடவை கேட்டுக்கொண்டேன் என்று தெரியாது.

வார்டுக்கு வெளியே நடைபாதையில் சம்மந்தியம்மாவின் தங்கை நின்றிருந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகளின் கழுத்தில் தாலிக்கயிற்று மஞ்சள் இன்னும் ஈரம் போலப் பளிச்சென்று இருந்தது. அழுது முடித்த முகம். தங்கை சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கல்யாணம் ஆன வீட்டுக்காரங்க சாவு வீட்டுப் பக்கமே போக மாட்டோம். நீங்க அதைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி கட்டிலுக்கே வந்துட்டீங்க" என்றார் என்னிடம். பிறகு என் மகளைப் பார்த்து, "ஒரு நிமிஷம் பாத்துட்டுக் குடுத்தா என்னமா? நீயும் படிச்ச பொண்ணுதானே" என்றார்.

மகளின் தப்பு இல்லை, நான் செய்த தப்பு என்று சொன்னேன். எந்த லிங்க், எது சேனல் என்று விளக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அங்கே அதற்கு இடமில்லை. அந்தப் பக்கமே வேண்டாம், அபசகுனம் பட்ட பக்கம், மொத்தமாக எடுத்துவிடுங்கள், இனி யாரும் திறக்கக் கூடாது என்றார். இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எதற்கு வேண்டுமானாலும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

உள்ளே சம்மந்தியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். யாரிடமும் பேசவில்லையாம். நான் வந்திருப்பது தெரிந்ததும், மற்றவர்கள் வெளியே இருக்கட்டும் என்று கையால் காட்டினார். என்ன கேட்டாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"சம்மந்தி, அந்த வீட்டுல யாருக்கோ காத்துக்கிட்டு இருந்தாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எல்லாம் முடிஞ்சிருச்சு. வாய்க்கரிசி போட்டாச்சு. பேரப் பிள்ளைங்க பந்தம் புடிச்சாச்சு. ஆனா எடுக்கல. சடங்கு செய்யுற பண்டாரம் ரெண்டு தடவ மணி பாத்தாரு. எல்லாரும் கேட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. மகனாத்தான் இருக்கும். வந்துட்டானா?"

தெரியாது என்றேன். பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் லேசாகத் தலையசைத்து மறுத்தார். முதல் இரண்டு நிமிடம் நம் கல்யாணத்துக்கு முந்தின ஏதோ சடங்கு என்று நினைத்தாராம். பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மருமகளைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனசு வரவில்லை.

"சாவு வீட்டுக்குப் போனா எடுக்குற வரைக்கும் இருந்துட்டுத்தானே வரணும். பாதியில எந்திரிச்சு வர்றது மரியாதை இல்லைல்ல. நான் உக்காந்துட்டேன். எடுக்குறதுக்குள்ள என் தங்கச்சி புடுங்கிட்டா."

அதனால்தான் முக்கால் மணி நேரம். பயத்தில் உறைந்துபோய் இல்லை, கூப்பிடாமல் வந்துவிட்ட ஒரு வீட்டில் மரியாதைக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, விசாரித்து வந்து சொல்கிறேன் என்றேன். "வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார். அதை அவர் சாதாரணமாகச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து சேனல் முழுக்கத் தேடினேன். பழைய நேரலைகள் வரிசையில் அந்த வீடு இல்லை. எங்கள் கல்யாணம்தான் மேலே இருந்தது, அதற்குக் கீழே முன்பு நடந்த ஒரு காதுகுத்து, அவ்வளவுதான். பக்கத்தை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேனே, அதற்கான பொத்தான் வரைக்கும் போனேன். ஒரு தடவை அழுத்தினால் போதும். வேண்டாம், அவர் இன்னும் கல்யாணத்தைப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. மூடிவிட்டேன்.

மறுநாள், புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூடியோ மாடிப்படி ஏறினேன். அவர் தரையில் உட்கார்ந்து கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் சுருட்டுவதை நிறுத்திவிட்டார். முகம் செத்துப்போய்விட்டது.

"சேனல் ஒண்ணுதான் அக்கா. கல்யாணமும் அதுலதான், காரியமும் அதுலதான். இது வரைக்கும் யாரும் சேனல் லிங்கை அப்படியே விட்டதில்ல. எல்லாரும் மறுநாளே மாத்திருவாங்க." சொல்லிவிட்டு, என்னைக் குறை சொன்னது போல ஆகிவிட்டதோ என்று, "நானும் ஒரு போன் போட்டிருக்கணும்லா" என்றார்.

அதற்கு வரவில்லை என்றேன். அந்த வீட்டில் காத்திருந்தது யாருக்கு, வந்தாரா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். நேரலை முடிந்ததும் அந்தக் குடும்பம் பதிவை லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றச் சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் வரிசையில் இல்லை. லிங்கை அவர்களைக் கேட்காமல் தர மாட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அதில் எனக்கு மரியாதைதான் வந்தது. எதற்காகக் கேட்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன். நாளைக்கு அறுவை சிகிச்சை என்றேன்.

அவர் தணிந்த குரலில் சொன்னார். காத்திருந்தது அந்தப் பெரியவரின் மகனுக்குத்தான், வெளிநாட்டில் இருக்கிறார். வழியில் விமானம் மாறும் இடத்தில் அடுத்த விமானம் தாமதம். மின்சுடலையில் கொடுத்த நேரம் நான்கு மணி, அதைத் தள்ள முடியவில்லை. மூன்றரைக்கு எடுத்துவிட்டார்கள். மகன் அந்த விமான நிலையத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து போனில் முழுக்கப் பார்த்திருக்கிறார். வண்டி நகரும்போது தன் அக்காவுக்குப் போன் போட்டு, கேமராவை நிறுத்தச் சொல்லாதீங்க என்று கேட்டிருக்கிறார். அன்று மாலையே அக்காமார் இரண்டு பேரும் பதிவை அழித்துவிடச் சொன்னார்கள், பார்க்கத் தாங்காது என்று. வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னது அந்த மகன்தான்.

அன்றும் ரயில். என் கணவர் போனில் அழைத்தபோது விஷயத்தைச் சொன்னேன். வந்துட்டான்னு சொல்லிடு, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்றார். மாப்பிள்ளையும் அதையே சொன்னார், அதுவும் கெஞ்சுவது போல. அவர்கள் சொல்வது சரிதான் என்று எனக்கும் பட்டது. நாளைக் காலை மயக்க மருந்து ஏறும்போது அவர் கண்ணுக்குள் எது இருக்க வேண்டும்? கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வரும் ஒரு மகன் இருக்கட்டுமே. பாடாங் ஜாவா நிலையத்திலிருந்து கிள்ளான் வரைக்கும் அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பழகினேன். வந்துட்டாராம் சம்மந்தி. கடைசி நிமிஷத்துல வந்துட்டாராம். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது போல ஆகிவிட்டது. அவர் பையைக் கீழே போட்ட சத்தம்கூடக் கேட்டது.

சம்மந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் மகள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தங்கை மறுபக்கம் நின்று விசிறிக்கொண்டிருந்தார், அங்கே ஏர்கான் இருந்தும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சம்மந்தியம்மா கேட்டார்.

"எத்தனை மணிக்கு எடுத்தாங்களாம்?"

நான் பழகி வைத்திருந்தது வேறு கேள்விக்கு. "மூணரைக்கு" என்று உண்மை வந்துவிட்டது. அதன் பின்னால் பொய்யை ஒட்ட நாக்கு எழவில்லை.

"அதுக்குள்ள வந்துட்டானா?"

"வரல சம்மந்தி. பிளைட் லேட். வழியில ஏர்போர்ட்ல உக்காந்து போன்ல பாத்தாராம்."

தங்கை விசிறுவதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். என் மகள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"முழுசா பாத்தானா?"

"முழுசா. அக்காமாருங்க அழிக்கச் சொன்னாங்களாம். அவருதான் இருக்கட்டும்னாராம்."

சம்மந்தியம்மா கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார். வார்டின் கோடியில் யாரோ இருமினார்கள். பிறகு என்னை நேராகப் பார்த்து, "போன்ல பாத்தா கணக்குல சேருமா?" என்று கேட்டார்.

இதைத்தான் அவர் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த மகனைப் பற்றி மட்டும் இல்லை. தன்னைப் பற்றியும்.

"சேரும்னுதான் நெனைக்கிறேன்" என்றேன். அந்தக் கேள்விக்கு அதைவிட உறுதியாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது.

"சேரணும். நானும் அப்படித்தானே பாத்தேன்." நேற்று மாலையிலிருந்து மூன்று தடவை கல்யாணத்தைப் பார்த்துவிட்டாராம். எனக்கு அது தெரியாது. "மாலை மாத்துறப்ப உங்க மக நல்லா சிரிச்சா. என் மவனுக்குத்தான் மொகமெல்லாம் வேர்த்து ஊத்துது. ஒருத்தரும் தொடச்சு விடல."

தங்கை, நான் மேடையில்தானே நின்றேன், துடைத்தேன் என்றார்.

"நீ தொடைக்கல. நெத்தியில இருந்து கண்ணுல எறங்குது. நான் பாத்தேன்." சொல்லிவிட்டு அதே மூச்சில், "இந்தப் பக்கத்த எடுக்கச் சொன்னியாமே. அது இருக்கட்டும். இந்தப் பொண்ணு எனக்கு ஒண்ணும் தப்பாக் காட்டல" என்றார்.

தங்கை, என் மகள் வைத்த கிண்ணத்தை எடுத்து, கஞ்சி ஆறிவிட்டது, சூடு பண்ணி வருகிறேன் என்று அவளிடமே சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த வீட்டுச் சமாதானம் அப்படித்தான் வரும் என்று மகள் பிற்பாடு கற்றுக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வளையல்களையும் மூக்குத்தியையும் முந்தின நாளே தங்கையிடம் கழற்றிக் கொடுத்திருந்தார். போனை மட்டும் என் மகளிடம் கொடுத்தார். நாங்கள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். நேரம் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நீருக்குள் அசைவது போல அசைந்தது. மாப்பிள்ளை இடையில் எழுந்து போய் எல்லோருக்கும் பால் சேர்க்காத தே ஓ வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை. மத்தியானம் மருத்துவர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, இனி உடம்பு தேற வேண்டும் என்றார். தங்கை என் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னால் அழ முடியவில்லை.

இது நடந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தினமும் காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும் முதலில் அந்தப் பக்கத்துக்குப் போகிறேன். கட்டத்தில் இருப்பது எங்கள் மண்டபம்தானா என்று பார்க்கிறேன். இனி அது மாறாது என்று எனக்குத் தெரியும். அந்த வீடியோவை யாராவது அழித்தாலொழிய அதே குறியீடு அதே கல்யாணத்தைத்தான் காட்டும். இருந்தாலும் பார்க்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குச் சில நாள் கழித்து, சம்மந்தியம்மாவைத் தீவிரக் கண்காணிப்பிலிருந்து மறுபடி வார்டுக்குக் கொண்டுவந்தபோது பார்க்கப் போயிருந்தேன். கையில் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பேசவும் மூச்சு வாங்கியது. கல்யாணத்தைப் போடச் சொல்லிக் கண்ணால் காட்டினார். மகள் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வீடியோக்காரர் சீக்கிரமே நேரலையைத் தொடங்கியிருந்ததால் பதிவின் முதல் இருபது நிமிடம் வெறும் மண்டபம்தான். அதுவரைக்கும் நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. எல்லோரும் நேராக முகூர்த்தத்துக்குப் போய்விடுவோம்.

மகள் விரலால் தள்ளப் போனாள். சம்மந்தியம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

விளக்குகள் முழுதாகப் போடாத மண்டபம். மேடையில் இரண்டு காலி நாற்காலிகள். ஓர் ஆள் வாழைமரத்தைத் தூணோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் தட்டு நிறையச் சாமந்தியோடு இடமிருந்து வலம் நடந்து போனாள், என்னவோ மறந்தவள் போலத் திரும்பி வந்தாள். இன்னும் யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் மூன்று பேரும், முன்கூட்டியே வந்து இடம் பிடித்தவர்களைப் போல, அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.